ஜேபெக் படத்தைச் சுழற்றும்போது எது தொலைகிறது, எது தொலையாமல் காக்கலாம்

கேள்வி: என்னிடம் உள்ள பழைய குடும்பப் படங்கள் பெரும்பாலும் 4000 × 3000 அளவுள்ள ஜேபெக் கோப்புகள். நிறையப் படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. சுழற்றிச் சேமித்தால் தரம் குறையும், திரும்பத் திரும்பச் சேமித்தால் இன்னும் குறையும் என்கிறார்கள். 90 பாகை திருப்பினால் பிக்சல்கள் இடம்தானே மாறுகின்றன, அதில் தரம் எப்படிக் குறையும்? இழப்பில்லாமல் சுழற்றலாம் என்று சொல்வது உண்மையா?

பதில்:

பிக்சல்கள் இடம் மாறுவதால் எதுவும் தொலைவதில்லை என்று நீங்கள் நினைப்பது சரியே. ஆனால் ஜேபெக் கோப்புக்குள் பிக்சல்கள் இல்லை. அவற்றைத் திரும்ப உருவாக்குவதற்கான எண்கள் மட்டுமே அங்கே இருக்கின்றன. சாதாரணப் படத்திருத்தி ஒன்றில் படத்தைத் திறந்து, திருப்பி, சேமிக்கும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன: அந்த எண்களிலிருந்து பிக்சல்கள் உருவாக்கப்படுகின்றன, பிக்சல்கள் திருப்பப்படுகின்றன, திருப்பிய பிக்சல்களிலிருந்து புதிதாக எண்கள் கணக்கிடப்படுகின்றன. நடுவில் உள்ள வேலை குற்றமற்றது. இழப்பு மூன்றாவதில் நேர்கிறது, அதற்கு முதலாவதும் சிறிது துணைபோகிறது. படத்தைத் திறந்து பார்ப்பதாலோ, கோப்பை வேறு இடத்துக்கு நகல் எடுப்பதாலோ எந்த இழப்பும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜேபெக் படத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தேய்கிறது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு.

அந்த எண்கள் எவை என்று பார்த்தால்தான் மற்றவை புரியும். ஜேபெக் முறை படத்தின் ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேல் இடது மூலையிலிருந்து தொடங்கி 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்தில் உள்ள 64 மதிப்புகளும் கோசைன் உருமாற்றம் என்ற கணக்கின் வழியாக வேறு 64 எண்களாகின்றன. இவற்றைக் குணகங்கள் என்போம். முதல் குணகம் அந்தக் கட்டத்தின் சராசரி ஒளிர்வைக் குறிக்கிறது. மற்ற 63 குணகங்களில் ஒவ்வொன்றும், குறிப்பிட்ட வேகத்தில் ஏறி இறங்கும் ஓர் அலை அந்தக் கட்டத்தில் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சொல்கிறது. அட்டவணையில் வலப்பக்கம் போகப்போகக் கிடைத்திசையில் விரைந்து மாறும் அலைகளும், கீழே போகப்போகச் செங்குத்தாக விரைந்து மாறும் அலைகளும் வருகின்றன. இதுவரை எதுவும் தொலையவில்லை. இந்த 64 எண்களிலிருந்து அந்த 64 பிக்சல்களைத் திரும்பப் பெற்றுவிடலாம்.

தொலைப்பது அடுத்த படி. ஒவ்வொரு குணகமும் தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு வகு எண்ணால் வகுக்கப்பட்டு, விடை அருகிலுள்ள முழு எண்ணாக்கப்படுகிறது. கோப்பில் அந்த முழு எண்தான் எழுதப்படுகிறது. 64 வகு எண்களும் கொண்ட அட்டவணையும் கோப்பின் தொடக்கத்திலேயே சேர்த்து வைக்கப்படுகிறது, திறக்கும் மென்பொருள் அதைக் கொண்டு பெருக்கிக்கொள்கிறது. சேமிக்கும்போது நீங்கள் நகர்த்தும் ‘தரம்’ என்ற அளவுகோல் இந்த வகு எண்களைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ செய்கிறது. வகு எண் பெரிதானால் பல குணகங்கள் பூஜ்யமாகிவிடும், கோப்பு சுருங்கும், நுணுக்கமும் அதனுடன் போகும்.

ஒரே ஒரு குணகத்தைப் பின்தொடர்ந்து போவோம். பெரும்பாலான மென்பொருள்கள் பயன்படுத்தும் லிப்ஜேபெக் நூலகத்தில் தரம் 75 என்று வைத்தால், ஒளிர்வுக்கான அட்டவணையின் முதல் வரிசையில் மூன்றாவது இடத்துக்குரிய வகு எண் 5. முதல் நெடுவரிசையில் மூன்றாவது இடத்துக்குரியது 7. இந்த அட்டவணை இரு திசைகளிலும் சமச்சீராக இல்லை என்பதை மனத்தில் வையுங்கள், சுழற்சியின் கதை முழுவதும் இந்தச் சிறிய வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. கேமராவில் ஒரு கட்டத்தின் முதல் வரிசை மூன்றாம் குணகம் 43 என்று வந்ததாகக் கொள்வோம். 43-ஐ 5-ஆல் வகுத்தால் 8.6, முழு எண்ணாக்கினால் 9. கோப்பில் 9 பதிகிறது. திறக்கும்போது 9 × 5, அதாவது 45 கிடைக்கிறது. 43 என்ற உண்மை மதிப்பு இத்தோடு போய்விட்டது. இது முதல் முறை சேமித்தபோதே நேர்ந்த இழப்பு, சுழற்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இப்போது படத்தை 90 பாகை திருப்பி, அதே தரம் 75-இல் சேமிக்கிறீர்கள். படம் திரும்பியதால் கிடைத்திசையில் இருந்த அலை செங்குத்து அலையாகிறது. எனவே 45 என்ற மதிப்பு முதல் நெடுவரிசையின் மூன்றாம் இடத்துக்கு வருகிறது. அங்கே வகு எண் 7. 45-ஐ 7-ஆல் வகுத்தால் 6.43, முழு எண் 6, திறந்தால் 42. வேண்டாம் என்று படத்தைப் பழையபடி திருப்பிச் சேமித்தால் 42-ஐ 5-ஆல் வகுக்க 8.4, முழு எண் 8, திறந்தால் 40. ஆக, போய்த் திரும்பி வந்த படம் கண்ணுக்கு முன்பிருந்த அதே நிலையில் நிற்கிறது. உள்ளே 45 என்பது 40 ஆகிவிட்டது. மதிப்பெண் பட்டியலை ஒருவர் ஐந்தின் மடங்காகத் திருத்தி எழுத, அதை இன்னொருவர் வாங்கி ஏழின் மடங்காகத் திருத்தி எழுதுவது போன்றது இது. இருவரும் தத்தம் விதிப்படி சரியாகத்தான் எழுதினார்கள், ஆனால் முதல் பட்டியலை இனி யாராலும் மீட்க முடியாது.

இதே கணக்கை இன்னும் சற்று நீட்டினால் ஓர் ஆறுதலான செய்தி கிடைக்கிறது. 40-ஐ மறுபடி திருப்பினால், 7-ஆல் வகுக்க 5.71, முழு எண் 6, மதிப்பு 42. திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் 40. அதன் பிறகு எத்தனை முறை சுழற்றினாலும் 42, 40, 42, 40 என்றே மாறிக்கொண்டிருக்கும். அதாவது இழப்பு ஒவ்வொரு முறையும் அதே அளவில் கூடிக்கொண்டே போவதில்லை. சுழற்றாமல், எதையும் மாற்றாமல், அதே மென்பொருளில் அதே தரத்தில் மறுபடி சேமிக்கும்போதும் இப்படித்தான். 5-இன் மடங்காகிவிட்ட எண்ணை மீண்டும் 5-ஆல் வகுத்தால் மீதி வராது. உருவான பிக்சல்கள் 0 முதல் 255 வரையுள்ள முழு எண்களாக்கப்படுவதால் 45 என்பது 44.8 ஆகத் திரும்பி வரலாம், ஆயினும் 5-ஆல் வகுத்து முழு எண்ணாக்கும்போது அது மறுபடி 9 என்றே விழும். வெண்மைக்கும் கருமைக்கும் அருகிலுள்ள இடங்களில் 255-ஐத் தாண்டிய மதிப்புகளும் 0-க்குக் கீழே போன மதிப்புகளும் வெட்டப்படுவதால் ஓரளவு கூடுதலான பிழை வரும். அதுவும் சில சுற்றுகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். நூறு முறை சேமித்தால் படம் சேறாகிவிடும் என்று சொல்வது, எதையும் மாற்றாமல் சேமிக்கும் நிலைக்குப் பொருந்தாத மிகைப்படுத்தல் என்றே நான் சொல்வேன்.

ஆனால் நடைமுறையில் அந்த நிலை அரிது. ஒரு மென்பொருள் 75-இல் சேமிக்கிறது, அடுத்தது 80-இல் சேமிக்கிறது, கைபேசிச் செயலி தனக்கென வேறோர் அட்டவணையே வைத்திருக்கிறது. வகு எண்கள் ஒவ்வொரு முறையும் மாறும்போது அடங்கி நின்ற எண்கள் மறுபடி கிளறப்படுகின்றன. இதைவிடக் கெடுதலானது கட்டங்களின் எல்லை நகர்வது. படத்தின் இடது ஓரத்தில் மூன்று பிக்சல்களை வெட்டிவிட்டுச் சேமித்தால், பழைய 8 × 8 கட்டங்களின் எல்லைகளும் புதிய கட்டங்களின் எல்லைகளும் பொருந்தா. முன்பு முழு மடங்காக அமைந்திருந்த குணகம் எதுவும் இப்போது அப்படி அமையாது, அந்தப் படம் முதன்முதலாகச் சுருக்கப்படுவது போலவே இழக்கும். பழைய கட்டங்களின் ஓரத்தில் இருந்த மெல்லிய படிக்கட்டு போன்ற தடங்களையும் புதிய சுருக்கம் படத்தின் உண்மையான விவரம் என்று எண்ணி, அவற்றைக் காப்பதற்கு இடத்தைச் செலவிடும்.

நிறத்தில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. ஒளிர்வைக் காணும் கூர்மை நிறத்தைக் காண்பதில் நம் கண்ணுக்கு இல்லை. எனவே பெரும்பாலான ஜேபெக் படங்களில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படுகிறது. இரண்டுக்கு இரண்டு என்று நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்பு. 4:2:0 என்று குறிப்பிடப்படுவது இந்த அமைப்பு. படத்தைத் திறக்கும்போது அந்த ஒரு மதிப்பிலிருந்து நான்கு பிக்சல்களுக்கும் நிறம் தர வேண்டும். படிக்கட்டு போலத் தெரியாமல் இருப்பதற்காக லிப்ஜேபெக் வழக்கமாக, அருகிலுள்ள நிறமதிப்பிலிருந்து முக்கால் பங்கும் அடுத்ததிலிருந்து கால் பங்கும் எடுத்துக் கலக்கிறது. சேமிக்கும்போதோ நான்கு பிக்சல்களின் நேர்ச் சராசரியை எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான செயல்கள் அல்ல. ஒரு திசையில் மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால், ஒருமுறை திறந்து சேமித்த பிறகு ஒரு நிறமதிப்பில் முக்கால் பங்குதான் தன்னுடையது, இரு பக்கத்து மதிப்புகளிலிருந்தும் அரைக்கால் பங்கு வீதம் வந்து கலந்திருக்கும்.

வெள்ளைச் சுவரில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருப்பதாகவும், அதன் நிறவலு 100, இரு பக்கமும் 0 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சேமித்த பின் கோட்டில் 75 இருக்கும், பக்கங்களில் 12.5 வீதம் கசிந்திருக்கும். இரண்டாம் முறை கோட்டில் ஏறக்குறைய 59 ஆகும். முழு எண்ணாக்கும் படி இந்தக் கசிவைச் சில இடங்களில் தடுத்து நிறுத்தும், சில இடங்களில் தடுக்காது. ஆகவே பலமுறை கைமாறிய படங்களில் எழுத்தின் ஓரத்தில் சிவப்பு பரவியிருப்பதும், உதட்டுச் சாயம் உதட்டைத் தாண்டி மங்கலாக வழிந்திருப்பதும் நாம் முதலில் காணும் அடையாளங்களாக இருக்கின்றன. சந்தேகமுள்ள ஒரு படத்தை ஆராய வேண்டுமானால் நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அடர்ந்த சிவப்பின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

இனி இழப்பில்லாச் சுழற்சிக்கு வருவோம். பிக்சல்களை உருவாக்கிப் பிறகு மறுபடி குணகங்களைக் கணக்கிடுவதால்தான் இழப்பு என்றால், பிக்சல் வரைக்கும் போகாமல் குணகங்களையே திருப்பிவிட முடியுமா என்பதே கேள்வி. முடியும். அதற்குக் கோசைன் அலைகளின் ஓர் எளிய பண்பு உதவுகிறது. ஒரு கட்டத்தின் வரிசைகளை நெடுவரிசைகளாக மாற்றினால் அதன் குணகங்களின் அட்டவணையிலும் வரிசைகள் அப்படியே நெடுவரிசைகளாகின்றன, எண்கள் மாறுவதில்லை. ஒரு கட்டத்தை இடம் வலமாகக் கண்ணாடிப் பிம்பம் ஆக்கினால், நடுவை ஒட்டிச் சமச்சீராக இருக்கும் அலைகள் மாறுவதில்லை, மற்ற அலைகள் தலைகீழாகின்றன. அதாவது குணக அட்டவணையின் இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் நெடுவரிசைகளில் உள்ள எண்களின் குறி மட்டும் மாறுகிறது, கூட்டல் கழித்தலாகவும் கழித்தல் கூட்டலாகவும். வலஞ்சுழியாக 90 பாகை திருப்புவது என்பது இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதுதான். முதலில் வரிசையை நெடுவரிசையாக்க வேண்டும், பிறகு இடம் வலம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இதைச் செய்துவிட்டு, கட்டங்களையும் அவற்றுக்குரிய புதிய இடங்களுக்கு நகர்த்தினால் படம் திரும்பிவிடும்.

இதில் வகுத்தல் இல்லை, முழு எண்ணாக்குதலும் இல்லை. கோப்பில் இருந்த முழு எண்களே இடம் மாறுகின்றன, சிலவற்றின் குறி மாறுகிறது. வகு எண் அட்டவணையும் கூடவே திருப்பப்படுகிறது என்பது இங்கே மிக முக்கியம். நம் பழைய எடுத்துக்காட்டில் கோப்பில் இருந்தது 9, அதன் வகு எண் 5. இழப்பில்லாமல் சுழற்றியபின் முதல் நெடுவரிசையின் மூன்றாம் இடத்தில் 9 இருக்கும், அந்த இடத்துக்குரிய வகு எண்ணாகவும் 7-க்குப் பதிலாக 5 எழுதப்பட்டிருக்கும். திறந்தால் 45. நான்கு முறை திருப்பினாலும் நாலாயிரம் முறை திருப்பினாலும் 45-தான். அந்த எண்களைச் சுருக்கமாக எழுதும் ஹஃப்மன் குறியீட்டுப் படி மட்டும் புதிதாகச் செய்யப்படுகிறது. அது எதையும் இழக்காத படி, என்றாலும் எண்கள் வேறு வரிசையில் வருவதால் கோப்பின் அளவு சற்றுக் கூடவோ குறையவோ செய்யும். அளவு மாறியதைக் கண்டு தரம் போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வேலையைச் செய்யும் பழைய, நம்பகமான கருவி jpegtran. லிப்ஜேபெக் நூலகத்துடன் வரும் இக்கருவிக்குச் சுழற்றும் வசதி 1998-இல் வெளியான 6பி பதிப்பில் வந்தது. படம் பார்க்கும் மென்பொருள்கள் பலவற்றில் ‘இழப்பில்லாச் சுழற்சி’ என்ற பெயரில் இருப்பதும் இதே முறைதான்.

```
jpegtran -copy all -perfect -rotate 90 -outfile new.jpg old.jpg
```

இந்தக் கட்டளையில் `-copy all` என்பது எடுத்த தேதி முதலான எக்ஸிஃப் தகவல்களைக் கூடவே கொண்டுசெல்கிறது. `-perfect` ஏன் வேண்டும் என்பதற்கு உங்களுடைய 4000 × 3000 படங்களே நல்ல எடுத்துக்காட்டு, அதனால் இந்த இடத்தில் சற்று நின்று விளக்குகிறேன்.

4:2:0 படத்தில் நிறத்தின் ஒரு 8 × 8 கட்டம் உண்மையில் படத்தின் 16 × 16 பிக்சல் பரப்பை மூடுகிறது. எனவே பிரிக்க முடியாத மிகச் சிறிய துண்டு 16 × 16 பிக்சல். 4000-ஐ 16-ஆல் வகுத்தால் 250, மீதி இல்லை. 3000-ஐ வகுத்தால் 187, மீதி 8. ஆக, படத்தின் அடியில் 8 பிக்சல் உயரமுள்ள அரைத் துண்டுகளின் வரிசை ஒன்று இருக்கிறது. கோப்பில் அவை முழுத் துண்டுகளாகவே எழுதப்பட்டுள்ளன, மீதி 8 பிக்சல்களில் இருப்பது வெறும் நிரப்பு, திறக்கும்போது அது வெட்டி எறியப்படும். ஜேபெக் அமைப்பில் இத்தகைய அரைத் துண்டுகள் வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டுமே இருக்கலாம், இடது ஓரத்திலோ மேல் ஓரத்திலோ இருக்க வழியே இல்லை. படத்தை வலஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் கீழ் ஓரம் இடது ஓரமாகிறது, அரைத் துண்டுகள் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிடுகின்றன. மாறாக, இடஞ்சுழியாகத் திருப்பினால், அதாவது `-rotate 270` என்றால், கீழ் ஓரம் வலது ஓரமாகிறது, வலது ஓரம் மேலே போகிறது. வலது ஓரம் 250 முழுத் துண்டுகளில் முடிவதால் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரே படம் ஒரு திசையில் முழுமையாகச் சுழல்கிறது, மறு திசையில் சுழல மறுக்கிறது என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

வலஞ்சுழியாகத்தான் திருப்ப வேண்டும் என்றால் என்ன செய்வது? `-perfect` சேர்த்திருந்தால் jpegtran வேலையைச் செய்யாமல் `transformation is not perfect` என்று சொல்லி நின்றுவிடும். எதுவும் சேர்க்காவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிவிட்டு, அந்த அரைத் துண்டு வரிசையை மட்டும் சரியாக இடம் மாற்ற முடியாமல் ஓர் ஓரத்தில் விட்டுவிடும். படத்தின் விளிம்பில் பொருத்தமற்ற பட்டை ஒன்று தெரியும். `-trim` சேர்த்தால் அந்த 8 பிக்சல் பட்டையை வெட்டிவிட்டு 2992 × 4000 அளவில் படத்தைத் தரும். வெட்டப்பட்டது திரும்பாது என்ற வகையில் இதுவும் ஓர் இழப்புதான், ஆனால் எஞ்சிய படம் முழுவதும் மாறாமல் இருக்கும். 3000-இல் 8 பிக்சல் என்பதைக் குடும்பப் படத்தில் யாரும் தேடப்போவதில்லை, ஓரத்தில் தேதி அச்சாகியிருந்தாலோ ஆவணத்தின் ஸ்கேன் என்றாலோ அப்படி விட்டுவிட முடியாது. 4032 × 3024, 1600 × 1200 போன்ற அளவுகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை, எல்லா எண்களும் 16-இன் மடங்குகள். சில மென்பொருள்கள் படத்தைச் சுழற்றும்போது ‘இந்த அளவுள்ள படத்தின் தரம் நிரந்தரமாகக் குறையலாம்’ என்று எச்சரிப்பதும் இந்த வகுத்தல் கணக்கைப் பார்த்துத்தான்.

இதே 4000 × 3000 படத்தைச் சாதாரண முறையில், பிக்சல் வழியாக, வலஞ்சுழியாகத் திருப்பிச் சேமித்தால் என்னவாகும் என்றும் பாருங்கள். 3000 என்பது 8-இன் மடங்கு என்பதால் ஒளிர்வுக் கட்டங்களின் எல்லைகள் பழைய இடத்திலேயே பொருந்தும். நிறக் கட்டங்களோ 16-இன் கணக்கில் 8 பிக்சல், அதாவது அரைக்கட்டம் நகர்ந்துவிடும். ஆகவே நிறம் புதிதாக ஒருமுறை முழு இழப்பையும் சந்திக்கும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, படத் தரவைத் தொடாமலே விட்டுவிடுவது. எக்ஸிஃப் தகவல்களில் `Orientation` என்று ஒரு புலம் உண்டு, அதன் மதிப்பு 1 முதல் 8 வரை. 1 என்றால் உள்ளபடி காட்டு, 6 என்றால் வலஞ்சுழியாக 90 பாகை திருப்பிக் காட்டு, 3 என்றால் 180 பாகை, 8 என்றால் இடஞ்சுழியாக 90 பாகை. கைபேசிகள் பலவும் செங்குத்தாகப் படம் எடுக்கும்போது பிக்சல்களைத் திருப்பாமல் இந்த எண்ணை மட்டும் எழுதுகின்றன. உங்கள் படங்களிலும் இதை மட்டும் மாற்றினால் துண்டுக் கணக்கும் ஓரப் பட்டையும் குறுக்கே வாரா.

```
exiftool -n -Orientation=6 old.jpg
```

இதன் குறை, இந்தப் புலத்தைப் படிக்காத மென்பொருள்கள் இன்னும் இருப்பது. அவற்றில் படம் சாய்ந்தே தெரியும். அச்சகத்துக்கோ பழைய டிஜிட்டல் படச்சட்டத்துக்கோ அனுப்பும் படங்களுக்கு நான் குணகங்களையே திருப்பும் முறையைத்தான் பரிந்துரைப்பேன், வீட்டுச் சேமிப்புக்கு இந்தப் புலமே போதும். இரண்டையும் கலக்கும்போது ஒரு விபத்து அடிக்கடி நேர்கிறது. கோப்பில் ஏற்கனவே 6 இருக்க, அதை அறியாமல் jpegtran கொண்டும் 90 பாகை திருப்பினால், பார்க்கும் மென்பொருள் அந்த 6-ஐப் படித்து மேலும் 90 பாகை திருப்பும், ஆள் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடப்பார். jpegtran இந்தப் புலத்தைத் திருத்தித் தராது, உள்ளே இருக்கும் சிறு முன்னோட்டப் படத்தையும் திருப்பாது. `exiftran` என்ற கருவி புலத்தைப் படித்து, அதற்கேற்பக் குணகங்களைத் திருப்பி, முன்னோட்டப் படத்தையும் திருப்பி, புலத்தை 1 ஆக்கிவிடும். லினக்ஸில் ஒரு கோப்புறை முழுவதற்கும் இது வசதி. எதைச் செய்வதற்கு முன்பும் மூலக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள், ஏனெனில் இக்கட்டளை கோப்பை அதே இடத்தில் மாற்றி எழுதுகிறது.

```
exiftran -a -i *.jpg
```

இழப்பில்லை என்று சொல்வதை என் சொல்லுக்காக நம்ப வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். அகலமும் உயரமும் 16-இன் மடங்காக உள்ள ஒரு படத்தை எடுத்து, ஒருமுறை திருப்பி, மறுமுறை எதிர்த்திசையில் திருப்பி, முதலும் முடிவும் ஒன்றா என்று பாருங்கள்.

```
jpegtran -copy none -outfile a.jpg photo.jpg
jpegtran -copy none -perfect -rotate 90 -outfile b.jpg a.jpg
jpegtran -copy none -perfect -rotate 270 -outfile c.jpg b.jpg
cmp a.jpg c.jpg
```

`cmp` எதுவும் சொல்லாமல் முடிந்தால் இரு கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றே. முதல் வரியில் எதையும் திருப்பாமல் ஒருமுறை jpegtran வழியாக அனுப்புவதற்குக் காரணம் உண்டு. கேமரா எழுதிய ஹஃப்மன் குறியீடும் jpegtran எழுதுவதும் வேறாக இருக்கலாம், அந்த வேறுபாடு ஒப்பீட்டைக் குழப்பக்கூடாது. இதே சோதனையைப் பிக்சல் வழியாகச் சுழற்றும் மென்பொருள் ஒன்றில் செய்து பார்த்தால் இரு கோப்புகளும் ஒன்றாக வருவது மிக அரிது. ஒரே ஒரு நுணுக்கம்: இழப்பில்லாமல் சுழற்றிய படத்தைத் திறந்து பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால் சில இடங்களில் 1 அளவு வேறுபாடு தெரியலாம். கோப்பில் உள்ள எண்கள் மாறுவதில்லை, திறக்கும் மென்பொருள் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் அடுத்தடுத்துக் கணக்கிடும்போது இடையில் செய்யும் முழு எண்ணாக்கம்தான் திசைக்கேற்பச் சற்று மாறுகிறது. அடுத்த சுழற்சிக்கு அந்த வேறுபாடு கடத்தப்படுவதில்லை.

இந்த முறை 90, 180, 270 பாகைகளுக்கும் கண்ணாடிப் பிம்பத்துக்கும் மட்டுமே பொருந்தும். தொடுவானம் இரண்டு பாகை சாய்ந்திருக்கிறது என்று நேராக்கப் போனால் ஒவ்வொரு பிக்சலும் புதிதாகக் கணக்கிடப்பட்டே தீர வேண்டும், அங்கே இழப்பைத் தவிர்க்க வழியில்லை. அப்படிப்பட்ட திருத்தங்கள் தேவைப்படும் படங்களுக்கு, முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, அதிலிருந்து ஒருமுறை திறந்து எல்லாத் திருத்தங்களையும் செய்து, இடையில் நிறுத்த வேண்டியிருந்தால் பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் சேமித்து, கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபெக் ஆக்குங்கள். அந்தக் கடைசி முறையில் தரத்தை 90-க்கு மேல் வையுங்கள். ஏற்கனவே 75-இல் சுருங்கிய படத்தை 95-இல் சேமிப்பதால் போனது வராது, கோப்பு மட்டும் பெரிதாகும், ஆனால் புதிதாகப் போவது குறைவாக இருக்கும்.

உங்கள் தொகுப்பில் தொடங்குவதற்கு முன், எந்தப் படம் எந்த அளவு, எந்த நிற அமைப்பு என்று அறிய இமேஜ்மேஜிக்கின் இந்தக் கட்டளை உதவும்.

```
identify -format "%f %wx%h %[jpeg:sampling-factor]\n" *.jpg
```

கடைசியில் `2x2` என்று தொடங்கினால் அது 4:2:0, துண்டு 16 × 16. `1x1` என்று தொடங்கினால் நிறம் குறைக்கப்படவில்லை, துண்டு 8 × 8 மட்டுமே. அப்போது 3000 என்ற உயரமும் 8-இன் மடங்கு என்பதால் உங்கள் படம் இரு திசைகளிலும் முழுமையாகச் சுழலும். `2x1` என்று இருந்தால் துண்டு 16 அகலம், 8 உயரம், 4000 × 3000 அதிலும் மீதியின்றி அடங்குகிறது. ஆனால் சுழற்றியபின் அந்த அமைப்பு `1x2` ஆகத் திரும்பிவிடும். அவ்வமைப்பு அரிதாகவே பயன்படுவதால், அதைச் சரியாகக் காட்டத் தெரியாத பழைய கருவிகளில் நிறம் பிறழ்ந்து தெரியக்கூடும். அந்தப் படங்களுக்கு மட்டும் `Orientation` புலத்தை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.